ஜிப்புக்கு மட்டுமா காசு?

ஜிப்பின் விலை 15 ரூபாய், தையலோ பத்து நிமிஷம். பேண்ட்டில் ஜிப் மாற்றத் தையற்காரர் 80 ரூபாய் கேட்பது அநியாயம் என்று சோளிங்கர் கடைத்தெருவில் வாதிக்கிறார்கள்.

முதலாவது, பேண்ட்டின் இடுப்புப் பட்டியைப் பிரித்து, துணி கிழியாமல் பழைய ஜிப்பைக் கழற்றி, நிறத்துக்கேற்ப நூலை மாற்றி, முன்பக்கத்தில் பழைய தையல் தடத்தின் மீதே ஊசியை ஓட்டிப் பட்டியை மூடுவதற்குள் அரைமணி கழிந்துவிடுகிறதே, அந்த நேரம் யாருடையது?

இரண்டாவது, வாடகையும் மின்சாரமும் ஜீவனமும் சேர்த்து மணிக்கு 130 ரூபாய் ஈட்டவேண்டிய கடையென்று வைத்துக்கொண்டால், அரைமணிக்கு 65, ஜிப்புக்கு 15, அநியாயம் எங்கே?

குறைத்து வாங்கினால் வரும் நஷ்டத்தைப் புதுத்துணி தைக்கும் லாபத்தில் ஈடுகட்டலாமாம்! ரெடிமேட் வாங்கி, கால் மடிக்கவும் இடுப்பைப் பிடிக்கவும் மட்டுமே வருகிறவரிடம் அந்த லாபம் ஏது?

தையற்காரரே, குறைந்தபட்சக் கூலியைப் பலகையில் எழுதி மாட்டுங்கள்.