வேலை செய்தது சீப்பு, பெயர் எடுத்தது வேம்பு

தலையில பேன் எண்டு எங்கட ஊரில ஆரிட்டயும் சொல்லிப் பாருங்கோ. ஐந்து நிமிசத்துக்குள்ள ஆறு வைத்தியம் வரும். வேப்பெண்ணெய் பூசு, வேப்பிலை அரைச்சுத் தடவு, தேங்காய் எண்ணெயில கற்பூரத்தைக் கரைச்சு வை, வினாகிரி விட்டுத் தோய், சீத்தாப்பழ விதையை இடிச்சுப் போடு, ஒண்டுக்கும் சரிவராட்டி மண்ணெண்ணெய். சொல்லுற எல்லாரும் கடைசியில ஒரே வசனத்தைத்தான் சொல்லுவினம்: "எங்கட பிள்ளைக்கு இதுதான் கேட்டது."

அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இந்த ஆறு வைத்தியத்திலும் பொதுவாக இருக்கிற ஒரு வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எதைப் பூசினாலும் அதற்குப் பிறகு அம்மாவோ அம்மம்மாவோ பிள்ளையை முற்றத்து வெளிச்சத்தில் இருத்தி, பேன் சீப்பால் ஒரு மணித்தியாலம் வாருவார்கள். பேன் குறைந்தது அந்த வாரலால். புகழ் போனது போத்தலுக்கு.

இதை விளங்கிக்கொள்ளப் பேனின் நாட்கணக்குத் தெரிய வேண்டும். பெண் பேன் ஒரு நாளைக்கு ஏழெட்டு முட்டை வரை இடும். முட்டையைத்தான் நாங்கள் ஈர் என்கிறோம். தலைத்தோலுக்குக் கிட்ட, மயிரின் அடியில், ஒரு பசையால் ஒட்டிவிடும். ஏழு தொடக்கம் பத்து நாளில் அது பொரிக்கும். வெளியில் வருகிற குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட இன்னும் ஒன்பது பத்து நாள் எடுக்கும். ஆகவே எந்த வைத்தியத்துக்கும் இரண்டு கேள்விதான். இன்றைக்கு ஓடித்திரிகிற பேனை அது கொல்லுமா? கொல்லாமல் விட்ட முட்டை அடுத்த கிழமை பொரிக்கும்போது அதற்கு என்ன செய்யும்? ஒரு தரம் பூசி, "மூண்டு நாள் ஒண்டும் கடிக்கேல்ல, போட்டுது" என்பவர்கள் இரண்டாவது கேள்விக்கு வருவதே இல்லை.

முதலில் வினாகிரி. அது ஈரின் பசையைக் கரைத்துவிடும் என்பதுதான் நம்பிக்கை. அந்தப் பசை எங்கள் மயிரைப் போலவே ஒரு புரதப் பொருள். அதைக் கரைக்கிற அளவுக்குக் காரமான ஒன்றை ஊற்றினால் மயிரும் சேர்ந்துதான் போகும். சமையலுக்குப் பாவிக்கிற வினாகிரிக்கு அந்த வலு கிடையாது. 2004இல் அமெரிக்காவில் வினாகிரி, ஒலிவ் எண்ணெய், உருக்கிய வெண்ணெய், மயோனைஸ் என்று வீட்டு வைத்தியங்களை வரிசையாகப் பேன்களில் போட்டுப் பார்த்தார்கள். முட்டையிடுவதை ஒன்றும் நிறுத்தவில்லை. வாசலின் மட்டும் குறிப்பிடத்தக்க அளவு பேன்களைக் கொன்றது. ஆனால் வாசலினைத் தலையில் பூசினால் அதைக் கழுவி எடுக்கிறது வேற ஒரு கதை. அதே ஆய்வில் எட்டு மணித்தியாலம் தண்ணிக்குள் கிடந்த பேன்களிலும் பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன. அதால, கடலில முழுகினாப் பேன் போகும் எண்டதையும் இதோட விட்டிடலாம். சொறிந்து புண்ணான தலையில் வினாகிரி ஊற்றினால் பிள்ளை கத்தும், அவ்வளவுதான்.

வேம்பு கொஞ்சம் சிக்கலானது. இதை முழுப்பொய் என்று தள்ளுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பூச்சிகளின் வளர்ச்சியைக் குழப்புகிற அசாடிராக்டின் என்ற பொருள் வேம்பில் உண்டு. ஆனால் அது செறிந்திருப்பது விதையில், இலையில் அல்ல. எகிப்தில் வேப்பம் விதைச்சாறு சேர்த்த ஷம்பூவைப் பிள்ளைகளின் தலையில் போட்டுப் பார்த்தபோது பேன்கள் செத்தன. அது அளவு பார்த்துத் தயாரித்த ஷம்பூ. நாங்கள் அம்மியில் அரைக்கிற வேப்பிலை அதுவல்ல. கடையில் வாங்குகிற வேப்பெண்ணெயில் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கும் என்பது விதைக்கும் பிழிந்த முறைக்கும் ஏற்ப மாறும், போத்தலில் அதை எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே வேப்பெண்ணெய் பூசுவதென்றால் பூசுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வேப்பமரச் சீப்பு என்று விற்கிறார்களே, அதில் மரத்துக்கு ஒரு வேலையும் இல்லை. பல்லுக்குப் பல் இடைவெளி எவ்வளவு என்பதுதான் முக்கியம், மரச்சீப்பில் அது பெரும்பாலும் அகலம்.

வேப்பெண்ணெய்ப் போத்தலைச் சின்னப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குடிக்கக் கொடுக்கவே கூடாது. மலேசியாவில் சளிக்கும் சின்னச் சின்ன வருத்தங்களுக்கும் என்று வேப்பெண்ணெய் பருக்கப்பட்ட குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்போடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டதை 1981இல் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். "மூலிகைதானே, என்ன செய்யப்போகுது" என்ற கதை அங்கேயே முடிந்துவிட்டது.

கற்பூரத்தை நான் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எதிர்க்கிறேன். அதன் மணத்துக்குப் பேன் அந்தரப்பட்டு ஓடும் எண்டே வைப்பம், முட்டை எங்கையும் ஓடாது. பேனுக்கு அரைகுறையாக வேலை செய்கிற அது, பிள்ளைக்குத்தான் முழுதாக வேலை செய்யும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவே ஒரு சின்னக் குழந்தையைக் கொல்லப் போதும். தோலாலும் அது உள்ளே இறங்கும், புண்ணான தலை என்றால் இன்னும் கெதியாக. அமெரிக்காவில் கற்பூர எண்ணெயை 1980களின் தொடக்கத்திலேயே மருந்துக்கடைகளில் இருந்து எடுத்துவிட்டார்கள். மற்றப் பூச்சு மருந்துகளிலும் கற்பூரம் 11 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. எங்கட வீடுகளில சாமித்தட்டில, கை எட்டுற உயரத்தில, வெள்ளை வெள்ளையா இனிப்பு மாதிரிக் கிடக்கு. எண்ணெயில் கரைத்த மிச்சம் மூடியில்லாத கிண்ணத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில். பேனை விட்டிட்டு இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

சீத்தாப்பழ விதை உண்மையில் பேனைக் கொல்லும். அதுதான் பிரச்சினையும். அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும், தலையில் போட்டது தோயும்போது கண்ணுக்குள் வராமல் இருக்குமா? மண்ணெண்ணெய்க்கு நான் விளக்கம் எழுதத் தேவையில்லை. குசினியில் அடுப்பு எரிகிற வீட்டில் அதைப் பிள்ளையின் தலையில் ஊற்றுவது என்னவென்று யாருக்கும் தெரியும்.

சரி, தேங்காய் எண்ணெய்? அது வைத்தியம் இல்லை, ஆனால் நல்ல உதவியாள். எண்ணெயில் நனைந்த பேனுக்கு ஓட்டம் குறையும், சீப்பும் சிக்காமல் இறங்கும். கொண்டிசனரும் இதே வேலையைத்தான் செய்கிறது. இங்கிலாந்தில் ஈரத்தலையில் கொண்டிசனர் பூசி நாள் குறித்துச் சீவுகிற முறையை, கடைகளில் வாங்குகிற பேன் மருந்தை ஒரு தரம் பூசுவதோடு ஒப்பிட்டார்கள். 2005இல் முடிவு வந்தது. சீவினவர்களில் 57 வீதம் பேருக்குப் பேன் இல்லாமல் போனது, மருந்து பூசினவர்களில் 13 வீதம். அங்கே பல பேன்களுக்கு அந்த மருந்துகள் பழகிவிட்டிருந்தன.

எங்கட வீட்டில போன வருசம் அக்காவின்ர மகளுக்குச் செய்ததைச் சொல்லுறன். ஒன்பது வயது, முழங்கை வரை மயிர். பல் மிக நெருக்கமான உலோகப் பேன் சீப்பு ஒன்று, ஒரு வெள்ளைத் துவாய், கொண்டிசனர். தோய்ந்த தலையில் கொண்டிசனரை அள்ளிப் பூசி, முதலில் சாதாரணச் சீப்பால் சிக்கெடுத்து, பிறகு மயிரைச் சின்னச் சின்னப் பிரிவாக எடுத்து, பேன் சீப்பைத் தலைத்தோலில் முட்ட வைத்து நுனி மட்டும் இழுத்தோம். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைத் துவாயில் துடைத்தோம். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் கூட இருந்தது. முதல் நாள் ஒன்றேகால் மணித்தியாலம், 31 பேன், பாதிக்கு மேல் பெரியவை.

ஐந்தாம் நாள் 12, எல்லாம் எள்ளிலும் சின்னக் குஞ்சுகள். முதல் நாளுக்குப் பிறகு பொரித்தவை, வரவேண்டியவைதான். ஒன்பதாம் நாள் நான்கு குஞ்சும் ஒரு பெரிய பேனும். அக்கா துவாயைப் பார்த்துவிட்டுக் கேட்டா, "இது எங்கயிருந்தடி வந்தது?" நியாயமான கேள்வி. ஐந்தாம் நாள் குஞ்சாக இருந்தது நான்கு நாளில் அந்த அளவுக்கு வளராது. முதல் நாள் தப்பியதென்றால் ஐந்தாம் நாள் அகப்பட்டிருக்கும். ஆகவே அது வெளியில் இருந்து வந்தது. பக்கத்தில் படுக்கிற தங்கச்சியின் தலையை வாரினோம், ஏழு பேன். அவவையும் அதே அட்டவணையில் சேர்த்தோம். பதின்மூன்றாம் நாள் இருவருக்கும் கிடைத்தது இரண்டு குஞ்சு மட்டும். பதினேழாம், இருபத்தோராம் நாளில் ஒன்றும் இல்லை. நாலு நாளுக்கு ஒருக்கா எண்டது ஏன் எண்டால், பொரிச்ச குஞ்சு வளர்ந்து முட்டையிட முதல் எப்பிடியும் ஒரு தரம் சீப்பில அகப்படும்.

இவ்வளவு நேரம் எல்லா அம்மாவுக்கும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பாமசியில் பெர்மெத்ரின் 1 வீத லோஷன் இருக்கிறது. பத்து நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும், ஒன்பதாம் நாள் திரும்பவும் பூச வேண்டும். முட்டையை அது முழுதாகக் கொல்லாது, அதனால்தான் இரண்டாம் தரம். ஒரு போத்தலை இரண்டு பிள்ளைக்குப் பங்கிட்டு ஒரு தரத்தோடு விட்டுவிட்டு, "மருந்தும் சரியில்லை" என்பது சரியல்ல. ஆனால் சரியாக இரண்டு தரம் பூசியும் பெரிய பேன்கள் ஓடினால், அது மருந்துக்குப் பழகின பேன். திரும்பத் திரும்ப அதையே ஊற்றாமல் சீப்புக்கு வாருங்கள்.

தலையணை உறையைச் சுடுதண்ணியில் தோய்த்தால் போதும், மெத்தையை வெயிலில் போட்டு வீட்டையே புரட்டத் தேவையில்லை. தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். அது பாயாது, பறக்காது. தலையும் தலையும் முட்டும்போது நடந்து போகும். ஊத்தைத் தலையில்தான் பேன் வரும் என்பதும் பொய், தோய்ந்த தலையும் அதற்கு ஒன்றுதான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஈரைக் கண்டவுடன் பெண்பிள்ளைகளை வகுப்பின் கடைசி வாங்கில் இருத்துகிற, வீட்டுக்கு அனுப்புகிற, "மயிரை வெட்டிக்கொண்டு வா" என்கிற பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன. மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும், ஈர் பத்து நாளுக்குள் பொரித்துவிடும். தலைத்தோலில் இருந்து ஒரு சென்ரிமீற்றருக்கு அப்பால் வெள்ளையாகத் தெரிகிற ஈர் அநேகமாக வெறும் கோது. அதில் இருந்து யாருக்கும் ஒன்றும் தொற்றாது. ரீச்சர் பார்க்க வேண்டியது ஈரை அல்ல. ஒரு வெள்ளைக் கடதாசிக்கு மேல் தலையை வாரி, ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஓடினால் வீட்டுக்கு ஒரு துண்டு எழுதி அனுப்புங்கள், பக்கத்தில் இருக்கிற ஐந்தாறு பிள்ளைகளின் வீட்டுக்கும் சேர்த்து. ஓடாட்டி அவ தன்ர வாங்கிலயே இருக்கட்டும்.