விகுதியை மாற்றினால் எழுத்துத் தமிழ் ஆகிவிடாது

“சார், போன மாசம் பில்லு இன்னும் வரலை, கொஞ்சம் பாத்து போட்டு விடுங்க.” பெங்களூரில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சிறுதொழிலர் பழகிய கடைக்காரருக்கு இப்படி எழுதினால் பணம் வந்துவிடும். அதையே கோவையிலுள்ள ஒரு பெருநிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு அனுப்ப நேரும்போது பலரும் விகுதிகளை மட்டும் திருத்துகிறார்கள்: “சென்ற மாதப் பில் இன்னும் வரவில்லை. சிறிது பார்த்துப் போட்டுவிடுங்கள்.”

இது பிழையான மாற்றம். பேச்சில் ‘பில்லு வரலை’ என்றால் பணம் வரவில்லை என்று பொருள். எழுத்தில் பில்லே வரவில்லை என்றாகிவிடும். ‘கொஞ்சம்’ அளவைக் குறிப்பதன்று, கேட்பதை மென்மையாக்குவது. ‘சிறிது’ அந்த வேலையைச் செய்யாது. ‘சென்ற மாதம்’ கோப்பில் கிடக்கும்போது எந்த மாதமென்று தெரியாது.

“14.6.2025 நாளிட்ட, 212 எண்ணுள்ள எங்கள் விலைப்பட்டியலுக்குரிய ரூ. 48,500 இன்றுவரை வந்து சேரவில்லை. செலுத்த வேண்டிய இறுதி நாள் 14.7.2025. இத்தொகையை 31.7.2025-க்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே செலுத்தியிருப்பின் விவரம் தெரிவிக்க வேண்டுகிறோம்.”

இங்கே மென்மையைக் கடைசித் தொடர் தாங்குகிறது. ‘தங்கள் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன்’ என்று தொடங்கினால் உரிமை இரப்பாகிவிடும். குறு, சிறு தொழிலகங்களுக்கான தொகையை, ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாள்களுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாதென 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வழக்கென்று வந்தால் சான்றாக நிற்க வேண்டியது இந்தக் கடிதமே.