சோன், சா, சே: உடையவர் யார்?

பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போரிடம் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 'சோன்' என்று கண்டால் 'அவனுடைய', 'சா' என்று கண்டால் 'அவளுடைய', 'சே' என்று கண்டால் 'அவர்களுடைய' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். முதலாண்டு மாணவன் இப்படிச் செய்தால் ஆசிரியர் திருத்திவிடுவார். அச்சேறிய நூல்களிலும் இதன் தடயங்கள் தென்படுகின்றன என்பதுதான் நமக்கு உறுத்தலாக இருக்கிறது. மூன்று சமன்பாடுகளும் தவறு. இதை மறுப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் இரண்டு குறுக்கு வழிகளும் போதாதவை என்பதையும் இங்கே காட்ட முனைகிறோம்.

இலக்கணம் எளியது. பிரெஞ்சில் உடைமைச்சொல் உடைமைப் பொருளின் பாலைப் பின்பற்றுகிறதே தவிர, உடையவரின் பாலை அல்ல. தாயைக் குறிக்கும் 'மேர்' பெண்பால் பெயர். ஆகவே மகன் ஆணாயினும் பெண்ணாயினும் 'சா மேர்'தான். தந்தை என்றால் இருவருக்கும் 'சோன் பேர்'. பெண்பால் பெயரே உயிரெழுத்தில் தொடங்கினால் 'சா' வராது, 'சோன்' வந்துவிடும். ஆன்மாவைக் குறிக்கும் 'ஆம்' பெண்பாலாக இருந்தும் அதன்முன் 'சோன்'தான் நிற்கும். உடையவர் ஆணா பெண்ணா என்பதை இந்த மூன்று சொற்களும் ஒருபோதும் சொல்வதில்லை. அது உயிரற்ற பொருளாகவும் இருக்கலாம். காரைக்காலைப் பற்றிய பிரெஞ்சு வாக்கியத்தில் 'சோன்' துறைமுகம் என்று வந்தால் அது அவனுடையதும் அன்று, அவளுடையதும் அன்று, 'அதன்' துறைமுகம்.

காரைக்கால் என்று வந்துவிட்டதால் அவ்வூரின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த நிலத்துண்டின் பேர் சொல்லும் மகள் காரைக்கால் அம்மையார். புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1956இல் அம்மையாரின் பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. அம்மையாரைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதப்படுவதை நாம் மீண்டும் தமிழாக்க நேர்ந்தால் என்ன ஆகும்? சோதனைக்காக நாமே ஒரு வாக்கியம் அமைப்போம். மாங்கனி அற்புதத்துக்குப் பின் அஞ்சி விலகிய பரமதத்தன் கப்பலேறிப் போகிறான், பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணக்கிறான், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். பெரிய புராணம் அறிந்த எவருக்கும் தெரிந்த இடம். பிரெஞ்சில் இதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: 'இல் தொன் சோன் நோம் அ சா ஃபீய்.' பெயரைக் குறிக்கும் 'நோம்' ஆண்பால். மகளைக் குறிக்கும் 'ஃபீய்' பெண்பால்.

சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள். "அவன் அவனுடைய பெயரை அவளுடைய மகளுக்கு இட்டான்" என்று கிடைக்கும். கதை முழுவதுமாகத் தலைகீழாகிவிட்டது. பெயர் புனிதவதியுடையது, மகள் பரமதத்தனின் மகள். 'சோன்' இங்கே பெண்ணைச் சுட்டுகிறது, 'சா' ஆணைச் சுட்டுகிறது. ஒரே வாக்கியத்தில் சமன்பாடு இரண்டு முறையும் பொய்த்துவிடுகிறது.

"தமிழில்தான் 'தன்' இருக்கிறதே, அதைப் போட்டால் ஆண், பெண் சிக்கலே எழாதே" என்பார்கள். இதுதான் முதல் குறுக்கு வழி. நல்ல கருவிதான், பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் வாய்க்காத கருவி என்றே சொல்லலாம். ஆனால் 'தன்' பாலைக் கேட்காவிட்டாலும் எழுவாயைக் கேட்கிறது. உடையவரே எழுவாயாக நின்றால்தான் 'தன்' செல்லும். "அவன் தன் பெயரைத் தன் மகளுக்கு இட்டான்" என்று எழுதினால் பரமதத்தன் மகளுக்குத் தன்னுடைய பெயரையே கொடுத்தவனாகிறான். இந்தப் பிழை காரைக்காலில் இன்னும் ஆபத்தானது. பிரெஞ்சுக் குடியியல் வழக்கில் குழந்தைக்குத் 'தன் பெயரைக் கொடுப்பது' என்பது குடும்பப் பெயரைக் கொடுப்பது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்து அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த மரபை அறிந்த வாசகர் 'தன் பெயர்' என்று படித்ததும் சட்டப்படியான ஒரு செயலையே நினைப்பார். விட்டுவந்த மனைவியை ஒருவன் தெய்வமாக எண்ணி மகளுக்கு அவள் பெயரைச் சூட்டிய செய்தி மறைந்துபோகும்.

சரியான தமிழ் என்ன? "அவன் தன் மகளுக்கு அவள் பெயரை இட்டான்" என்று எழுதலாம். அதுவும் போதாது. 'அவள்' யார்? அருகில் நிற்பவள் இரண்டாம் மனைவி அல்லவா? எனவே "தன் மகளுக்குப் புனிதவதியின் பெயரை இட்டான்" என்பதே தெளிவு. பெயரைத் திரும்பச் சொல்லத் தமிழ் வெட்கப்பட வேண்டியதில்லை. பிரெஞ்சு உரைநடைக்கு அதில் கூச்சம் உண்டு. அந்தக் கூச்சத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டுமென்று யாரும் சட்டம் போடவில்லை.

இன்னொரு சிறு வாக்கியம்: 'எல் ஷாந்த் சா தான்ஸ்.' நடனம் பெண்பால், எழுவாயும் பெண். சமன்பாடு 'அவளுடைய நடனம்' என்கிறது. 'தன்' கட்சி 'தன் நடனம்' என்கிறது. இரண்டும் கூடி அம்மையாரை நடன மங்கை ஆக்கிவிடுகின்றன. ஆடுபவர் ஆலங்காட்டு இறைவன், அம்மையார் பாடுபவர். கயிலையில் தலையால் நடந்த செய்தியிலோ இரு உடைமையும் அடுத்தடுத்தே நிற்கும். அம்மையார் 'சே பியே'யை, அதாவது கால்களை, 'சா மோந்தாஞ்' மேல், அதாவது மலைமேல், பதிக்க மனம் ஒப்பவில்லை. கால்கள் அம்மையாருடையவை, மலை இறைவனுடையது. "தம் கால்களை இறைவனின் மலைமேல் பதிக்க மனம் ஒப்பவில்லை" என்றால்தான் தலையால் நடந்ததற்குக் காரணமே விளங்கும். இங்கே 'தன்' அல்ல, 'தம்' என்பதையும் கவனியுங்கள். பிரெஞ்சு கேட்காத மரியாதையைத் தமிழ் கேட்கிறது. பரமதத்தனுக்குத் 'தன்' போதும், அம்மையாருக்குப் போதாது.

இரண்டாவது குறுக்கு வழி ஆங்கிலம். பிரெஞ்சு மூலத்தின் பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பை விரித்து வைத்துக்கொள்வது. ஆங்கிலத்தான் ஆண், பெண் முடிவு செய்திருப்பான், நாம் வாங்கிக்கொள்ளலாம் என்பது. ஆங்கிலம் பாலைச் சொல்லும், உண்மைதான். ஆனால் உடையவர் எழுவாயா, இன்னொருவரா என்பதை அதுவும் சொல்லாது. ஒருவன் நண்பனைத் தன் வீட்டில் சந்தித்தானா, நண்பனின் வீட்டில் சந்தித்தானா என்ற கேள்வியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒருசேர வாய்மூடி நிற்கின்றன. தமிழன் மட்டும்தான் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் ஆங்கில நூலில் இல்லை; முந்தைய பத்தியிலோ முந்தைய அத்தியாயத்திலோ இருக்கிறது. அங்கே போய்த் தேடாதவர் மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பது நம் துணிபு.

'சே'யை 'அவர்களுடைய' என்று எழுதுவதற்கு வருவோம். கதையில் இது ஓர் உறுத்தலோடு முடியும், ஆவணத்தில் முடியாது. 'சே' என்பது ஒரே ஒருவருக்குரிய பல பொருள்கள். பலருக்குரியவை என்றால் பிரெஞ்சில் 'லேர்' வரும். ஒரு விதவையும் பிள்ளைகளும் சேர்ந்து 'சே தேர்' விற்றார்கள் என்று ஒரு பழைய பத்திரம் சொன்னால், நிலங்கள் அந்த ஒருத்தியுடையவை. பிள்ளைகள் உடன் நின்று ஒப்பமிட்டவர்கள். 'லேர் தேர்' என்றிருந்தால் நிலங்கள் எல்லோருக்கும் பொது. தமிழில் இரண்டையும் "தங்கள் நிலங்களை விற்றார்கள்" என்று எழுதிவிட்டால் பங்குதாரர்கள் புதிதாகப் பிறந்துவிடுகிறார்கள். பேச்சில் 'சே'யும் 'லேர்' என்பதும் வெவ்வேறாக ஒலிக்கும், எழுத்திலும் வேறுதான். குழப்பம் பிரெஞ்சில் இல்லை, நம் அவசரத்தில் இருக்கிறது. 'சா மேசோன்' என்று ஒருமையில் வரும்போதுதான் பத்திரமே குழம்பும். விற்றவன் வீடா, வாங்கியவன் வீடா என்று. அதை உணர்ந்த எழுத்தர் உடைமைச்சொல்லைத் தவிர்த்து 'மேற்சொன்ன விற்பனையாளரின் வீடு' என்பதற்கு ஈடான தொடரை எழுதுவார். நம் பத்திரத் தமிழிலும் 'மேற்படியார்', 'அன்னார்' என்ற சொற்கள் இதற்காகவே இருக்கின்றன. இலக்கிய மொழிபெயர்ப்பாளர்கள் இவற்றைக் கேலி செய்வதுண்டு. பத்திர எழுத்தருக்கு யார் வீடு என்ற கேள்வியாவது எழுந்தது.

எல்லா இடத்திலும் உடையவரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. "அவள் தன்னுடைய கண்களைத் தன்னுடைய கைகளால் மூடிக்கொண்டாள்" என்று எழுதுவோரைப் பார்க்கிறோம். வேறு யார் கண்களை மூடிக்கொள்வாள்? 'மூடிக்கொண்டாள்' என்பதில் உள்ள 'கொள்' எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. உறவுப் பெயர்களிலும் இப்படியே. "அம்மாவைப் பார்க்கப் போனான்" என்றால் அவன் அம்மாதான்.

கடைசியாக, முடிவு செய்யவே கூடாத ஓர் இடம். ஆன் கரெத்தா 1986இல் வெளியிட்ட 'ஸ்ஃபின்க்ஸ்' நாவலில் கதைசொல்லியின் பாலும் தெரியாது, கதைசொல்லி காதலிக்கும் அ* என்ற கேபரே நடனக் கலைஞரின் பாலும் தெரியாது. கடைசிவரை தெரியாது. பிரெஞ்சில் இது ஓரளவு கைகூடியதற்கு நாம் பேசிக்கொண்டிருக்கும் 'சோன்', 'சா', 'சே' துணை நின்றன. அவை அ*வைக் காட்டிக்கொடுப்பதில்லை. 2015இல் வெளிவந்த எம்மா ரமதானின் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த உதவியின்றி, ஆண், பெண் உடைமைச்சொற்கள் இரண்டையும் விலக்கி எழுத வேண்டியிருந்தது. தமிழில் முனைபவருக்குப் பாதி வேலை எளிது: 'வந்தேன்', 'காதலித்தேன்' என்ற தன்மை வினைகள் கதைசொல்லியின் பாலைச் சொல்லா. மறு பாதி கொடியது: அ* வந்தானா, வந்தாளா? 'வந்தார்' என்று தப்பிக்கலாம். ஆனால் காதலர் இடையே 'அவர்' வந்து அமர்ந்தால் நெருக்கம் எழுந்து போய்விடும். பெயரை மட்டும் திரும்பச் சொல்லலாம். 'தன்'னை அளவோடு ஆளலாம். ஆளுக்குப் பதிலாக உறுப்பை எழுவாயாக்கி 'கண்கள் மூடின', 'கை நீண்டது' என்று எழுதலாம். வினைமுற்றுகளைக் குறைத்துப் பெயரெச்சங்களில் வாக்கியத்தை நகர்த்தலாம். ஒவ்வொரு பக்கத்திலும் இவற்றுள் எது செல்லும் என்று பார்க்க வேண்டியிருக்கும். இங்கேயும் சமன்பாட்டோடு வருகிறவர், நடனக் கலைஞரின் தாயை 'அவளுடைய அம்மா' என்று முதல் 'சா'விலேயே எழுதி, இருநூறு பக்க நாவலை ஒரே சொல்லில் முடித்துவைப்பார்.