கறையா, கருகலா?

நம் தொழிலர் ஒருவருக்கு எதிராக ஒரு மாவட்ட நுகர்வோர் ஆணையம் அண்மையில் பிறப்பித்த ஆணையின் நகல் மேசையில் இருக்கிறது. கோட்டின் விலையையும் வழக்குச் செலவையும் அவர் கொடுத்தாக வேண்டும். பொருள், ஒரு சந்தன நிற லினன் கோட். வரவேற்பு நிகழ்ச்சியில் ஒரே ஒருமுறை போடப்பட்டது. கடைக்கு வந்தபோது பார்வைக்குச் சுத்தமாக இருந்தது, பில்லில் குறிப்பு எதுவும் இல்லை. பெர்க்கில் ஓடி, காய்ந்து, ஸ்டீம் பிரஸ்ஸில் ஏறி இறங்கியபோது இடது லேப்பலுக்குக் கீழே மூன்று பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. கொடுக்கும்போது கறை இல்லை, வாங்கும்போது இருக்கிறது, ஆகவே இஸ்திரிச் சூட்டில் கருகியிருக்கிறது என்று ஆணையம் முடிவு கட்டிவிட்டது.

வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை. கொடுத்தபோது அவர் கண்ணுக்குக் கறை தெரியவில்லை. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. வரவேற்பில் சாத்துக்குடி ஜூஸ் கொடுத்தார்கள் என்பது வாடிக்கையாளரின் மனுவிலேயே, வேறொரு இடத்தில், போகிறபோக்கில் வருகிறது. அந்த வரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாத்துக்குடி ஜூஸ் சந்தன நிறத் துணியில் சிந்தினால் கைக்குட்டையால் ஒற்றி எடுத்ததும் போய்விட்டதுபோல் இருக்கும். நீர் ஆவியாகிவிடும், சர்க்கரையும் பழ அமிலமும் நாருக்குள் தங்கிவிடும். கடையில் கலக்கும் ஜூஸ் என்றால் பழத்தின் இனிப்போடு கரண்டிக் கணக்கில் சேர்த்த சர்க்கரையும் உண்டு. கோட் அலமாரியில் தொங்கும் நாட்களில் அந்த அமிலம் சர்க்கரையை மெல்ல உடைத்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாக ஆக்கும். இந்தக் கதையின் திருப்பமே இந்த ஃப்ரக்டோஸ்தான். சாதாரண சர்க்கரை கேரமலாக மாற ஏறத்தாழ 160 டிகிரி வேண்டும். ஃப்ரக்டோஸ் 110 டிகிரியிலேயே பழுப்பாகத் தொடங்கிவிடும். நம் பிரஸ்ஸின் சூடு இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

வெளுப்புக்குப் போகும் துணி என்றால் தண்ணீர் இந்தச் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். பெர்க் அதைத் தொடாது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், சர்க்கரையை இருந்த இடத்திலேயே விட்டுவிடும். சோப் சார்ஜோடு போகும் சொட்டு ஈரம் கொஞ்சம் எடுக்கலாம், முழுக்க எடுக்காது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத ஜூஸ் கறை டிரைகிளீனிங்கில் பிழைத்து, பிரஸ்ஸுக்கு வந்து, நம் கையில் பழுப்பாகிறது. வீட்டில் துவைத்து வெயிலில் உலர்த்துகிறவருக்கு இந்தச் சிக்கல் வருவது அபூர்வம். “வீட்டிலேயே துவைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது” என்று அவர் சொன்னால் அது உண்மைதான், ஆனால் அதற்கு நாம் துணியைக் கருக்கினோம் என்று பொருளில்லை.

சரி, கருகல் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆணையத்துக்கு ஒரே ஒரு எண் போதுமாக இருந்திருக்கும். அந்தக் கடையின் பாய்லர் 5 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. அந்த அழுத்தத்தில் நீராவியின் சூடு 159 டிகிரி. நீராவியால் சூடேறும் பிரஸ் தலை அந்த நீராவியைவிட அதிகமாகச் சூடாக முடியாது, நடைமுறையில் சில டிகிரி குறைவாகவே இருக்கும். லினனுக்குக் கை இஸ்திரியில் மூன்று புள்ளி, அதாவது ஏறத்தாழ 200 டிகிரி, அனுமதி உண்டு. 200 டிகிரி தாங்கும் துணியை 159 டிகிரி பிரஸ் சில நொடிகளில் கருக்காது. பாய்லர் கேஜைப் படமெடுத்து, நீராவி அட்டவணையின் ஒரு பக்கத்தோடு இணைத்திருந்தால் வழக்கின் போக்கே வேறாகியிருக்கும். நம் தொழிலர் இணைக்கவில்லை. கேட்கவேண்டியவர்களும் கேட்கவில்லை.

வடிவமும் பேசும். கருகல் இஸ்திரிப் பெட்டியின் முனையையோ பிரஸ் தலையின் ஓரத்தையோ தழுவி நிற்கும், நடுவில் அழுத்தமாக இருந்து வெளியே மங்கிக்கொண்டே போகும். சிந்திய திரவம் இதற்கு நேர்மாறு. காயும்போது கரைந்திருந்த பொருள் விளிம்பை நோக்கி நகர்ந்துவிடுவதால் ஓரம் அடர்த்தியாகவும் நடு வெளிறியும் இருக்கும். இந்தக் கோட்டின் மூன்று திட்டுகளும் மேலே சிறிதாக, கீழே வால் இழுத்து, ஓரத்தில் கறுத்த கோட்டோடு இருப்பதை ஆணையத்தில் தாக்கலான புகைப்படமே காட்டுகிறது. எந்த இஸ்திரிப் பெட்டிக்கும் அந்த வடிவம் கிடையாது.

மூன்றாவது, ஈரத்துணிச் சோதனை. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துண்டைத் திட்டின்மேல் சில நிமிடம் அழுத்தி வைத்தால், கேரமல் என்றால் துண்டில் இளம் பழுப்பு ஏறும். கருகிய நார் எதையும் விடாது. எதிர்மறை முடிவை மட்டும் நம்பவேண்டாம். திரும்பத் திரும்பச் சூடு பட்டுக் கெட்டிப்பட்ட கேரமல் நீருக்கு மசியாது. பெராக்சைடு போட்டதும் போய்விட்டது, ஆகவே கறைதான் என்று வாதிடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. லேசான கருகலையும் பெராக்சைடு வெளுத்துவிடும், அந்த வாதம் நிற்காது.

டீ, காபியில் சூடு செய்யும் வேலை வேறு. அவை கண்ணுக்குத் தெரியும் கறைகள் என்பதால் ஆணையம்வரை போவது குறைவு, கடையிலேயே கெடுவது அதிகம். வெளிநாட்டு ஸ்பாட்டிங் கையேடுகள் பெரும்பாலும் பால் சேராத டீயை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர் டீயில் டானினோடு பால் புரதம், பாலின் கொழுப்பு, சர்க்கரை மூன்றும் சேர்ந்து வரும். டானின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் குணமுடையது. 70 டிகிரிக்கு மேல் பாலின் வே புரதம் உருமாறி நாரோடு ஒட்டும், அது பற்றியிருக்கும் டானினும் கூடவே தங்கிவிடும். ஸ்டீம் கன்னைக் கறைமேல் நேராகப் பிடித்து அடிக்கிற பையன் செய்வது இதைத்தான். முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பருத்தி, லினனுக்கு 40 டிகிரிக்குக் கீழே என்சைம், அதற்குப் பிறகு டானினுக்கு அசெட்டிக் அமிலம், கடைசியில் தேவைப்பட்டால் மட்டும் 3 சதவீத பெராக்சைடு என்ற வரிசை மாறக்கூடாது. பட்டு, கம்பளியில் புரத என்சைம் கூடாது, அது துணியையே தின்னும். பார் சோப்பும் கூடாது, அதன் காரம் டானினை இன்னும் கறுக்கச் செய்யும். இதையெல்லாம் இந்த இதழில் பலமுறை எழுதியாகிவிட்டது.

திரும்ப ஆணைக்கு வருவோம். என்னைத் தூங்கவிடாதது தொகை அல்ல. துணியை யாருமே பரிசோதிக்கவில்லை என்பதுதான்.

2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 38-ஐ எடுத்துப் பாருங்கள். பொருளில் குறை என்று புகார் வந்து, பரிசோதனை இல்லாமல் அதை முடிவுசெய்ய முடியாது என்றால், ஆணையம் மாதிரியை எடுத்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தரவேண்டும். இது பொருள்களுக்கு. சேவை என்று வந்தால் வேறு உட்பிரிவு. எதிர்தரப்பு பதில் தரவேண்டும், இருதரப்பு ஆவணங்களையும் பார்த்துத் தீர்ப்பு. ஆய்வகம் பற்றி அங்கே பேச்சே இல்லை. பிஸ்கட்டில் பூச்சி இருந்தால் பிஸ்கட் ஆய்வகம் போகும். சலவை சேவை என்பதால் கோட்டுக்கு அந்த வழி இல்லை. கையில் துணி இருக்கிறது, துணியில் திட்டு இருக்கிறது, திட்டில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய ஆய்வகங்கள் இருக்கின்றன, ஆனால் தீர்ப்பு புகைப்படத்தைப் பார்த்து வருகிறது!

ஆய்வகத்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லமுடியாது. ஜவுளிச் சோதனைக்குக் கோவையில் சிட்ரா இருக்கிறது. அமெரிக்காவில் நம் தொழிலின் சங்கமான டிரைகிளீனிங் அண்ட் லாண்டரி இன்ஸ்டிடியூட் தகராறுத் துணிகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆய்வகம் நடத்துகிறது. தவறு யாருடையது, தயாரிப்பாளருடையதா, உடுத்தியவருடையதா, கடையுடையதா என்று அறிக்கை தருகிறது. இங்கே நாம் அப்படி ஒன்று கேட்டு மனு எழுதுகிறோம். எழுதிய மனு எந்தத் துறைக்கு என்று துறைகளுக்குள்ளேயே முடிவாகவில்லை. ஜவுளிக்குப் போனால் இது நுகர்வோர் விவகாரம் என்கிறார்கள். நுகர்வோர் விவகாரத்துக்குப் போனால் துணியென்றால் ஜவுளி என்கிறார்கள். நடுவில் தெருமுனைச் சலவைக்காரர் கோட்டின் விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். புது கோட்டின் விலை அவருடைய பல வார வருமானம் என்பது எந்த ஆணையிலும் பதிவாவதில்லை. ‘நிபுணர் சான்று எதிர்தரப்பால் தாக்கல் செய்யப்படவில்லை’ என்ற வாக்கியம் மட்டும் தவறாமல் பதிவாகிறது. நிபுணரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இஸ்திரி போடுகிறவருடையது, துணியைப் பார்க்கும் பொறுப்பு யாருடையதும் இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் ஆணையத்தோடு உடன்படுகிறேன். பில்லின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ‘கறைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சிட்டிருந்ததை அவர்கள் ஏற்கவில்லை. ஏற்கக்கூடாதுதான். வாடிக்கையாளர் படிக்காத, படிக்க முடியாத வரி அது. அதற்குப் பதில் பில்லின் முன்பக்கம் ஒரு கேள்வி இருக்கட்டும்: “ஜூஸ், கூல்டிரிங்ஸ், இளநீர் ஏதாவது சிந்தியதா?” கவுன்டரில் துணியை வாங்குகிற பெண் வாய்விட்டுக் கேட்டு, பதிலை எழுதவேண்டும். வரவேற்பு, கல்யாணம் என்று வருகிற வெளிர் துணி எல்லாவற்றையும் கவுன்டரிலேயே புற ஊதா விளக்கின்கீழ் காட்டுங்கள். ஆலையில் வெண்மையூட்டி போட்ட துணி நீலவெள்ளையாய் ஒளிரும், பழைய ஜூஸ் விழுந்த இடம் பெரும்பாலும் மங்கித் தெரியும். வெண்மையூட்டி இல்லாத லினனில் இது அவ்வளவு கைகொடுக்காது, அங்கே கேள்வியே கதி. ‘ஆம்’ என்றால் அந்த இடத்தை நீரும் நடுநிலை டிடர்ஜென்டும் வைத்துத் தட்டியெடுத்து, துணி முழுக்கக் காய்ந்த பிறகே பெர்க்குக்கு அனுப்புங்கள். பிரஸ்ஸுக்கு முன் இன்னொருமுறை விளக்கு.

நம் தொழிலர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகிறார். ஆணை வந்த 45 நாளுக்குள் போகவேண்டும், செலுத்தச் சொன்ன தொகையில் பாதியை முன்கூட்டியே கட்டவேண்டும். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: தகராறு தொடங்கிவிட்டால் திட்டை எடுத்துக் காட்டுகிறேன் என்று ஸ்பாட்டிங் மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரத்துணிச் சோதனைகூட இரு தரப்பும் பார்க்க, படமெடுத்துக்கொண்டு, ஒரே ஒரு திட்டில் மட்டும் செய்யுங்கள். மற்றவற்றைத் தொடாமல், பிளாஸ்டிக் உறையில் அல்ல, காகித உறையில் போட்டு, தேதி எழுதி இருவரும் கையெழுத்திட்டு மூடி வையுங்கள்.