போலி என்று நிரூபித்துவிட்டீர்கள், சரி

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், கொடை கமிட்டியாருக்கும், வாட்ஸ்அப் குரூப்பை நடத்தும் தம்பிமாருக்கும்,

மேலத்தெரு வாத்தியார் மகள் எழுதுகிறேன். இதைக் குரூப்பில் போட்டால் நாலு பேர் கும்பிடு போடுவீர்கள், அதற்குக் கீழே யாராவது காலை வணக்கம் அனுப்புவார்கள், அதோடு போய்விடும். அதனால்தான் மடல்.

"அந்த வீடியோ போலி. ஏஐ வைத்துச் செய்தது. யாரும் தவறாக நினைக்க வேண்டாம். விஷயம் முடிந்தது." அட்மின் தம்பி போட்ட அந்த வரிகளை ஒரு வாரமாக மனசுக்குள் மென்றுகொண்டிருக்கிறேன். யாருக்கு முடிந்தது தம்பி? நாம் ஏமாறவில்லை என்று உங்களுக்கு நிம்மதி. எவள் முகத்தை ஒட்டி அந்த ஆபாச வீடியோவைச் செய்தார்களோ, அந்தப் பிள்ளைக்கு என்ன முடிந்தது?

போலி என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் பார்த்தேன். கீழத்தெரு அண்ணாச்சி மகன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தான். தலை திரும்பும்போது தோடு மறைந்து மறைந்து வருகிறது, தாடை ஓரம் மங்குகிறது, முகத்தில் விளக்கு வெளிச்சம் இடப்பக்கம் விழுகிறது, உடம்பில் வலப்பக்கம் விழுகிறது. எல்லாம் சரியான கவனிப்புதான். போன கொடைக்கு நம் குரூப்பிலேயே போட்ட விளக்குப் பூஜைப் படத்திலிருந்து முகத்தை எடுத்திருக்கிறார்கள் என்பதையும் சரியாகவே சொன்னான். அதற்குக் கீழே இன்னொருவர், "அந்தப் பிள்ளைக்குத் தோளில் மச்சம் கிடையாதாம், அவள் சித்தியே சொன்னாள்" என்று எழுதினார். அதற்கும் பன்னிரண்டு பேர் கும்பிட்டிருக்கிறீர்கள்.

அவள் உடம்பு இல்லை என்று சொல்ல, அவள் உடம்பையே சாட்சிக்கு இழுத்தாகிவிட்டது. வீடியோவைச் செய்தவன் கூட அவளுடைய சொந்த உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். மூல வீடியோவை அழித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள், வட்டம் போட்ட படங்கள் ஆதாரம் என்ற பெயரில் இன்னும் குரூப்பில் கிடக்கின்றன.

பொய் என்று தெரிந்துவிட்டால் தீங்கு போய்விடும் என்று நினைக்கிறீர்கள். 2018இல் பத்திரிகையாளர் ராணா அய்யூப்புக்கு நடந்ததைக் கேளுங்கள். கத்துவாவில் கொல்லப்பட்ட சிறுமிக்காக அவர் தொலைக்காட்சியில் பேசினார். அடுத்த சில நாட்களில், முதலில் அவர் பெயரில் போலி ட்வீட்டுகள் வந்தன, பிறகு ஓர் ஆபாச வீடியோ. அது தானில்லை என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குச் சுருட்டை முடி, வீடியோவில் இருந்தவளுக்கு நேரான முடி, வயதும் மிகக் குறைவு. தெரிந்து என்ன பயன்? அவருடைய போன் நம்பரைச் சேர்த்துப் பரப்பினார்கள், ரேட் கேட்டுச் செய்திகள் வந்தன, படபடப்பில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொல்லி ஐ.நா. நிபுணர்கள் இந்திய அரசைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு எழுதும்போதும் பதிவிடும்போதும் தானே தன்னை அடக்கிக்கொள்வதாக அவரே எழுதினார். பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அதை உண்மை என்று நம்பியிருப்பார்கள்? நம்ப வைப்பது அங்கே நோக்கமே இல்லை. "உன் முகம் எங்கள் கையில் இருக்கிறது, என்ன வேண்டுமானாலும் செய்வோம்" என்று காட்டுவதுதான் நோக்கம். அதற்கு வீடியோ போலியாக இருப்பது இடைஞ்சலே இல்லை.

நம் பிள்ளை கிராமசபையில் தெருவிளக்குக் கணக்குக் கேட்டவள். அடுத்த கூட்டத்துக்கு அவள் வரவில்லை என்று அம்மா சொன்னாள். கணக்கை இப்போது யார் கேட்கிறார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் வருவது போல ஒரு வீடியோ ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? "அது ராஷ்மிகா இல்லை" என்று நாடே சொன்னது. சரி, உடம்பு யாருடையது? இங்கே பிரிட்டனில் வாழும் ஓர் இந்திய வம்சாவளிப் பெண்ணுடையது. அவர் தானே எடுத்துத் தன் பக்கத்தில் போட்ட வீடியோவில் தலையை மட்டும் மாற்றிவிட்டார்கள். ஒருத்தியின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று, "இதோ அசல் ஆள்" என இன்னொருத்தியைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஜனவரியில் டெல்லி போலீஸ் ஆந்திராவில் ஒருவனைப் பிடித்தது. எதிரியாக இருப்பான் என்று பார்த்தால், நடிகையின் பேரில் ரசிகர் பக்கம் நடத்தியவன். அந்தப் பக்கத்துக்கு ஆள் சேர்க்கத்தான் செய்தான் என்றது போலீஸ்.

நம் வீடியோவிலும் யாரோ ஒரு பெண்ணின் உடம்பு இருக்கிறது. எந்த ஊர்க்காரியோ. அவளைப் பற்றி நம் குரூப்பில் ஒருவர் கூட வாய் திறக்கவில்லை.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் காலில் இருக்கும் புண்ணைப் படம் எடுத்துப் பாடத்துக்குக் காட்ட வேண்டுமானால் அவரிடம் சம்மதம் வாங்க வேண்டும். இங்கிலாந்தின் சட்டமும் 2024 ஜனவரியிலிருந்து இதில் ஏறக்குறைய அப்படித்தான் கேட்கிறது. ஒருவரை அந்தரங்க நிலையில் காட்டும் படத்தையோ, காட்டுவதுபோல் தோன்றும் படத்தையோ அவர் சம்மதமில்லாமல் பகிர்ந்தாலே குற்றம். கெட்ட எண்ணம் இருந்ததா என்பது தண்டனை கூடுவதற்குத்தான். உண்மையா பொய்யா என்பது கேள்வியே இல்லை. நம் நாட்டில் ஐ.டி. சட்டத்தின் 67ஆம் பிரிவு, பார்ப்பவரின் மனதைக் கெடுக்குமா என்று கேட்கிறது. அங்கேயும் பார்ப்பவர்தான் முக்கியம், அவள் இல்லை. ஆனாலும் அந்தப் பிரிவில் அனுப்புவதும் குற்றம்தான். முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை சிறை. பாலியல் செயல் இருந்தால் 67ஏ, ஐந்து வருஷம் வரை. "எச்சரிக்கைக்காக அனுப்பினேன்" என்று அனுப்பிய மூன்று பேரும் இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தில் மட்டும் பாலும் தேனும் ஓடுகிறது என்று இல்லை. செய்தவனைப் பிடிப்பது இங்கேயும் பெரும்பாடுதான்.

"ஊரை விட்டுப் போனவளுக்கு என்ன தெரியும்" என்பீர்கள். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி ஆட்டோ பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனவள் அந்தப் பிள்ளைதான். விடியும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். நான் இங்கே வார்டில் யாரோ ஒருவரின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்காகப் பேச எனக்கு என்ன உரிமை என்று கேட்டால் பதில் இல்லை. பேசாமல் இருக்கத்தான் முடியவில்லை.

கேட்பது கொஞ்சம்தான். வட்டம் போட்ட படங்கள், மச்சப் பேச்சு, அட்மின் போட்ட வரிகள் எல்லாவற்றையும் குரூப்பிலிருந்தும் அவரவர் போனிலிருந்தும் அழியுங்கள். அதற்கு முன் அவளிடம் கேளுங்கள், புகாருக்கு எது வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்க அவள் நினைத்தால் யாராவது ஒரு பெண் கூட இருங்கள். StopNCII.org என்று ஒன்று இருக்கிறது. படம் அவள் போனை விட்டு வெளியே போகாமலே, அதன் எண் அடையாளத்தை மட்டும் எடுத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற இடங்களுக்குக் கொடுத்து அங்கே ஏறாமல் தடுக்கப் பார்க்கும். வாட்ஸ்அப்பில் கைக்குக் கை போவதை அதனால் தடுக்க முடியாது. அதை நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

அவள் வீட்டுக்குப் போவதாக இருந்தால் போலி என்று நிரூபித்த கதையைச் சொல்லப் போகாதீர்கள்.

கொடை வரியை வழக்கம்போல அம்மாவிடம் அனுப்பிவிட்டேன். இந்த மடலைப் படித்துவிட்டு வாங்க மனசில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வருத்தமில்லை. இந்தக் கொடைக்கு விளக்குப் பூஜைப் படம் எடுக்கும்போது மட்டும், குரூப்பில் போடலாமா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்பவளிடம் ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
மேலத்தெரு வாத்தியார் மகள்