'அட்ரீனல் சோர்வு' என்று ஒரு நோய் இருக்கிறதா? உண்மையான அட்ரீனல் பாதிப்பு எப்படி இருக்கும்?

காலையில் அலாரம் மூன்று முறை அடித்தும் எழ முடியவில்லை. மதியம் மூன்று மணிக்கு தி.நகர் அலுவலகத்தில் கண் சொக்குகிறது. ராத்திரி அடையாறு வீட்டுக்கு வந்து படுத்தால் மட்டும் தூக்கம் வராமல் ரீல்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ரீல்ஸிலேயே ஒருவர் வந்து, "இது உங்க சோம்பேறித்தனம் இல்லைங்க, உங்க அட்ரீனல் களைச்சுப் போச்சு" என்கிறார். கீழே பத்து கேள்விகள். அதற்கும் கீழே ஒரு காப்ஸ்யூல் டப்பாவின் லிங்க்.

'அட்ரீனல் சோர்வு' என்ற இந்தப் பெயரை 1998-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன் என்ற அமெரிக்க மாற்று மருத்துவர். நீண்ட நாள் மன அழுத்தத்தால் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் களைத்துப்போய், கார்ட்டிசால் ஹார்மோனைக் குறைவாகச் சுரக்கின்றன என்பது அவரது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2016-ல் பிரேசிலைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் இது பற்றிய 58 ஆய்வுகளை எடுத்து அலசிப் பார்த்தபோது, அப்படி ஒரு நிலை இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அடிப்படையே இடிக்கிறது. உடம்புக்கு நெருக்கடி வந்தால் அட்ரீனல் கூடுதலாகவே சுரக்கும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச் என்ற ஹார்மோனை அனுப்பி அதை முடுக்கிவிடும். ஐ.சி.யூவில் கிடக்கும் நோயாளிக்குக்கூட பெரும்பாலும் கார்ட்டிசால் ஏறித்தான் இருக்கும். "பாதி பழுது, அதனால டெஸ்ட்ல தெரியாது" என்று சிலர் சமாளிப்பார்கள். அதுவும் சரியில்லை. அட்ரீனல் தடுமாறத் தொடங்கும்போதே பிட்யூட்டரி அதிகமாகச் சத்தம் போட ஆரம்பிக்கும், ரத்தத்தில் ஏ.சி.டி.எச் அளவு உயரும். பாதிப் பழுதும் அங்கே தெரிந்துவிடும்.

சரி, களைப்பு பொய்யா? இல்லை. தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, பி12 குறைவு, குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை, மனச்சோர்வு என்று அதற்குக் காரணங்கள் நிறைய உண்டு. தப்பான பெயரை ஒட்டிக்கொண்டால் இவற்றைத் தேடும் வேலை தள்ளிப்போகிறது. அதைவிட மோசமானது, நிஜமாகவே அட்ரீனல் கெட்டுப்போன ஒருவர் அதே காப்ஸ்யூலை விழுங்கிக்கொண்டு வீட்டில் இருப்பது.

"வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டியா?"

நிஜமான நோயை 1855-ல் லண்டனில் தாமஸ் அடிசன் விவரித்தார். அதனால்தான் அதற்கு அடிசன் நோய் என்று பெயர். மேலை நாடுகளில் இன்று உடலின் எதிர்ப்பு சக்தியே அட்ரீனலைத் தாக்குவதுதான் முக்கியக் காரணம். அடிசனின் காலத்தில் காசநோய்தான் பெரிய காரணமாக இருந்தது. இந்தியாவில் அதை இன்னும் ஒதுக்கிவிட முடியாது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூரில் வசிக்கும் 34 வயதுக்காரர். தி.நகரில் கணக்கு வேலை. கல்லூரி நாட்களில் காசநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். நான்கு மாதமாகக் களைப்பு. பசி இல்லை, ஆறு கிலோ இறங்கிவிட்டது. மோர் சாதத்துக்கு ஊறுகாய் போதவில்லை, மேலே உப்பும் போட்டுக்கொள்கிறார். பஸ் சீட்டிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. அத்தை பார்த்துவிட்டு, "என்னடா, வெயில்ல அலைஞ்சு இப்படிக் கறுத்துப் போயிட்டே?" என்கிறார்.

அத்தை கவனித்ததுதான் முக்கியமான தடயம், காரணம் மட்டும் வேறு. கார்ட்டிசால் குறைந்ததும் பிட்யூட்டரி கொட்டும் ஏ.சி.டி.எச், தோலின் நிறமி செல்களையும் தூண்டிவிடுகிறது. மாநிறத் தோலில் இது சுலபமாகத் தப்பிவிடும். சென்னை வெயில் மீது பழியைப் போட்டுவிடலாம். அதனால் வெயில் படாத இடங்களைப் பார்க்க வேண்டும்: உள்ளங்கை ரேகைகள், ஈறு, கன்னத்தின் உட்புறம், சமீபத்திய தழும்பு. நம்மில் பலருக்கு ஈறு இயல்பிலேயே கறுப்பாக இருக்கும் என்பதால், புதிதாகக் கறுத்ததா என்பதே கேள்வி. இரண்டு வருடத்துக்கு முந்தைய போட்டோ ஒன்று இங்கே உதவும்.

ஊறுகாய்க்கும் தலைசுற்றலுக்கும் காரணம் இன்னொரு ஹார்மோன். அட்ரீனல் சுரக்கும் ஆல்டோஸ்டீரோன்தான் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிறது. அது போனால் சோடியம் சிறுநீரில் ஓடிவிடும், பொட்டாசியம் ஏறும், ரத்த அழுத்தம் சரியும். படுத்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. மதியத் தூக்கத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். வெறும் களைப்பு உடம்பின் உப்புக் கணக்கை மாற்றாது.

இவர் டாக்டரிடம் போகாமல் டப்பா வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சாதாரண வாந்தி, பேதி. மற்றவர்கள் ஓ.ஆர்.எஸ் குடித்துத் தேறிவிடுவார்கள். இவர் மயங்கி விழுகிறார். ரத்த அழுத்தம் 80/50, சோடியம் 121. இதற்கு அட்ரீனல் கிரைசிஸ் என்று பெயர். உயிர் போகக்கூடிய நிலை. சந்தேகம் வந்தவுடனே, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைன் டிரிப்பும் ஏற்ற வேண்டும்.

காசநோய் இன்னும் உடம்பில் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரை, மிச்சமிருக்கும் கார்ட்டிசாலையும் கல்லீரலில் வேகமாகச் சிதைக்கும். அதனால் சிகிச்சை ஆரம்பித்த பிறகு ஒருவர் தேறாமல் மேலும் துவண்டுபோனால் டாக்டர் அட்ரீனலையும் யோசிப்பார்.

காலை எட்டு மணி ரத்தம்

கார்ட்டிசால் விடியற்காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் இருக்கும். எனவே சோதனைக்குக் காலை எட்டு மணி வாக்கில் ரத்தம் கொடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழ் வந்தால் பாதிப்பு ஏறக்குறைய உறுதி. 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. நடுவில் வந்தால் ஏ.சி.டி.எச் ஊசி போட்டு, சுரப்பி பதில் தருகிறதா என்று பார்ப்பார்கள். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து போய் ரத்தம் கொடுத்துவிட்டு, "கார்ட்டிசால் கம்மியா வந்திருக்கு" என்று பதறுவதில் அர்த்தமில்லை. அந்த நேரத்தில் குறைவாக இருப்பதுதான் இயல்பு. ஒரு நாளில் நான்கு முறை எச்சில் எடுத்து 'அட்ரீனல் சோர்வு' என்று சொல்லும் பேக்கேஜும் இதைக் கண்டறியும் சோதனை அல்ல.

'அட்ரீனல் சப்போர்ட்' டப்பாக்கள் பாதிப்பில்லாத மூலிகைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் விற்ற 12 வகைகளைச் சோதித்து 2018-ல் வெளியான ஆய்வில், 12-லும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏதாவது ஒரு ஸ்டீராய்டு இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு பல வாரங்கள் போனால், 'இனி நாம் எதற்கு' என்று சொந்த அட்ரீனல் ஓய்வெடுத்துவிடும். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாத்திரைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்துபவர்களுக்கு நேர்வதும் இதுதான். இந்த வகையில் ஏ.சி.டி.எச் உயராது, எனவே தோல் கறுக்காது. கறுக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மயிலாப்பூர்க்காரர் பிழைத்துக்கொண்டால், வாழ்நாள் முழுக்க ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை. பெரும்பாலும் ஒரு நாளைக்கு 15 முதல் 25 மில்லிகிராம், எழுந்தவுடன் பெரிய பங்கு, மீதி பிற்பகலுக்குள். உப்புக் கணக்குக்கு ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் தனி. காய்ச்சல் வந்தால் அந்த நாட்களில் அளவை இரண்டு மடங்காக்கச் சொல்லியிருப்பார்கள்; வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் நேராக ஊசிதான். 'எனக்கு அட்ரீனல் செயலிழப்பு, உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் தேவை' என்று எழுதிய ஒரு அட்டையும் பர்ஸில் இருக்க வேண்டும், மெட்ரோ கார்டுக்குப் பக்கத்திலேயே.