'அப்' யாருக்குச் சொந்தம்?

அண்மையில் வாசிக்க நேர்ந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலில், கணவன் நோயுற்றுக் கிடந்த காலம் முழுவதும் அவனைத் தாங்கி நின்ற மனைவியைப் பற்றி 'அவள் அவனுடைய வேடத்தைக் கண்டுகொண்டாள்' என்று ஒரு வரி வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் எந்த வேடமும் இல்லை. மூலத்தில் இருப்பது 'ஷி ஸா ஹிம் த்ரூ'. இடர் தீரும்வரை உடனிருந்து அவனைக் கரைசேர்த்தாள் என்பது அதன் பொருள். மொழிபெயர்த்தவரோ அதை 'ஷி ஸா த்ரூ ஹிம்' என்று படித்திருக்கிறார். சொற்கள் அதே நான்குதான். 'ஹிம்' ஓரிடம் நகர்ந்தவுடன் விசுவாசம் தோலுரிப்பாகிவிட்டது.

இதைத் தனியொருவரின் கவனக்குறைவாக நாங்கள் கருதவில்லை. நம்மிடையே புழங்கும் ஆங்கில வழிகாட்டி நூல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் படிக்கக் கற்றுத்தருகின்றன. 'வினைச்சொல்லுடன் ஒரு முன்னிடைச்சொல் சேர்ந்து புதுப்பொருள் தந்தால் அது ஃப்ரேஸல் வெர்ப். கீழ்வரும் பட்டியலை மனனம் செய்க' என்பதோடு அவற்றின் இலக்கணம் முடிந்துவிடுகிறது. பட்டியலில் 'டர்ன் டவுன்', 'லுக் ஆஃப்டர்', 'புட் அப் வித்' மூன்றும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும். மூன்றும் மூன்று வேறு இனங்கள் என்ற குறிப்பு மருந்துக்கும் இராது. 'ஸீ த்ரூ'வுக்கு எதிரே இரண்டு பொருள்கள் இருக்கும். எது எப்போது என்பதைச் சொல்லின் வரிசையே தீர்மானிக்கிறது என்பது மட்டும் இராது.

பிழை 'முன்னிடைச்சொல்' என்ற அந்த ஒற்றைச் சொல்லில் தொடங்குகிறது. 'ஹி ரான் அப் த ஹில்', 'ஹி ரான் அப் எ பில்' என்ற இரு வாக்கியங்களைப் பார்ப்போம். முதலாமவன் குன்றின் மீது ஓடி ஏறினான். இரண்டாமவன் கடையிலோ விடுதியிலோ கணக்கை ஏற்றிவிட்டான். கண்ணுக்கு இரண்டும் ஒரே அச்சு. ஆனால் முதல் வாக்கியத்தின் 'அப்' குன்றுக்குச் சொந்தம். இரண்டாவதன் 'அப்' வினைக்குச் சொந்தம். முன்னது முன்னிடைச்சொல். பின்னதை ஆங்கில இலக்கணம் 'பார்ட்டிகிள்' என்கிறது. இங்கே வினையொட்டு என்று வைத்துக்கொள்வோம்.

சொந்தம் யாருக்கு என்பதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. பெயரை நகர்த்திப் பாருங்கள். 'ஹி ரான் த பில் அப்' என்று ஆங்கிலேயர் சொல்வார். அதே குன்றைப் பொருளாக வைத்து 'ஹி ரான் த ஹில் அப்' என்று ஒருநாளும் சொல்லமாட்டார். பெயருக்குப் பதில் 'இட்' என்ற சுட்டை வைத்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகும். கணக்கு என்றால் 'ரான் இட் அப்', குன்று என்றால் 'ரான் அப் இட்'. இங்கே விருப்பத்துக்கு இடமில்லை. ஒன்றின் இடத்தில் மற்றது வந்தால் பிழை. இனி வினைக்கும் 'அப்'புக்கும் இடையே 'விரைவாக' என்பதைச் செருகுங்கள். 'ரான் குவிக்லி அப் த ஹில்' நிற்கும். 'ரான் குவிக்லி அப் எ பில்' சரிந்து விழும். காதால் கேட்டாலும் தெரியும்: வினையொட்டு பொதுவாக அழுத்தம் பெற்று ஒலிக்கும், முன்னிடைச்சொல் பெரும்பாலும் மெலிந்து ஒலிக்கும்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம். 'மரத்தில்' என்பதில் 'இல்' பெயரைப் பற்றிக்கொண்ட வேற்றுமை உருபு. 'தின்றுவிட்டான்' என்பதில் 'விடு' வினையைப் பற்றிக்கொண்ட துணைவினை. இவ்விரண்டையும் நாம் எவரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கில முன்னிடைச்சொல் முன்னதற்கு உறவு. வினையொட்டு பின்னதற்கு உறவு. 'ஈட் அப்' என்பதில் வரும் 'அப்'புக்கு மேலே என்ற திசைப்பொருள் இல்லை, தின்று தீர்த்தல் என்ற முற்றுப்பொருளே உண்டு. உறவு முழுமையானது என்று சொல்லமாட்டோம். நம் துணைவினைக்கும் வினைக்கும் நடுவே செயப்படுபொருள் வந்து உட்கார முடியாது, ஆங்கிலத்தில் முடியும். அந்த ஓர் இடத்தைத்தான் ஆசிரியர் நின்று விளக்கியிருக்க வேண்டும்.

நின்று விளக்கினால் விதி எளிது. வினையொட்டு வரும் செயப்படுபொருள் குன்றாவினை பிரியக்கூடியது. 'டர்ன்ட் டவுன் தி ஆஃபர்', 'டர்ன்ட் தி ஆஃபர் டவுன்' இரண்டும் சரி. சுட்டுப்பெயர் வந்தால் 'டர்ன்ட் இட் டவுன்' மட்டுமே சரி. காரணம் தாளத்திலும் தகவலிலும் இருக்கிறது. 'இட்' ஏற்கெனவே அறிந்த ஒன்றைச் சுட்டும் மெலிந்த சொல். வாக்கியத்தின் கனமான கடைசி இடம் அதற்குப் பொருந்தாது. செயப்படுபொருள் ஒரு நெடுந்தொடராக இருந்தால் நிலைமை தலைகீழ்: கனம் கடைசிக்குப் போகும், வினையொட்டு வினையருகே ஒட்டிக்கொள்ளும். 'லுக் ஆஃப்டர்' பிரியாது, ஏனெனில் அதிலுள்ள 'ஆஃப்டர்' முன்னிடைச்சொல். எப்போதும் 'லுக் ஆஃப்டர் இட்' தான். விதிக்கு அடங்காதவையும் உண்டு. கரைசேர்த்தல் என்ற பொருளில் வரும் 'ஸீ த்ரூ' பிரிந்து நிற்பதையே விரும்பும். சேர்ந்து நின்றால் கேட்பவர் மனம் தோலுரிப்புக்கே போய்விடும்.

படித்தவர்களும் இதில் வழுக்குகிறார்கள் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற நகைச்சுவையே சான்று. வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கலாகாது என்ற தடை பழையது. 1672லேயே டிரைடன் இதற்காக பென் ஜான்சனைக் குறைகூறினார். அந்தத் தடையைக் கேலிசெய்ய 'அப் வித் விச் ஐ வில் நாட் புட்' என்று சர்ச்சில் எழுதியதாக ஒரு கதை உலவுகிறது. அவர் எழுதியதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை, போகட்டும். அந்த நகைச்சுவை செய்வது ஒரு தில்லுமுல்லு. 'புட் அப் வித்' என்பதில் 'அப்' வினையொட்டு, 'வித்' மட்டுமே முன்னிடைச்சொல். தடையைக் கடைப்பிடித்தால் கிடைப்பது 'வித் விச் ஐ வில் நாட் புட் அப்'. சற்று விறைப்பானதுதான், ஆனால் ஆங்கிலம். சிரிப்பு வருவது தடையால் அல்ல, வினையொட்டை வினையிலிருந்து பிடுங்கி முன்னால் எறிந்ததால். தடை அர்த்தமற்றது என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. அதை நிரூபிக்க இந்த வாக்கியம் உதவாது என்கிறோம்.

'சூழலைப் பார்த்தால் பொருள் விளங்கிவிடும், இத்தனை இலக்கணம் எதற்கு' என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வாக்கியம்: 'ஹி லுக்ட் ஓவர் த வால்'. சுவருக்கு மேலாக அப்பால் எட்டிப் பார்த்தானா, வீடு வாங்க வந்தவனாகச் சுவரை மேற்பார்வையிட்டானா? இதில் மட்டும் சூழலை நம்பத்தான் வேண்டும். ஆனால் ஆசிரியர் 'லுக்ட் இட் ஓவர்' என்று எழுதியிருந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை. அவன் ஆராய்ந்தது சுவரைத்தான். மூலம் தெளிவாகச் சொன்னதைச் சூழலில் தேடுவது மொழிபெயர்ப்பு ஆகாது.

அந்நியரை இது திணறடிக்கும் என்பதை ஜான்சன் தம் 1755ஆம் ஆண்டு அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். இன்றைய கற்போர் அகராதிகள் வினைக்கும் ஒட்டுக்கும் நடுவே செயப்படுபொருளின் இடத்தைக் குறித்தே அச்சிடுகின்றன. நம் வழிகாட்டி நூல்களும் 'டர்ன் டவுன்' என்பதை 'டர்ன் இட் டவுன்' என்றும், 'லுக் ஆஃப்டர்' என்பதை 'லுக் ஆஃப்டர் இட்' என்றும் அச்சிட்டால் போதும். ஒரு வரிக்கு ஒரு 'இட்'. பதிப்பகத்தாருக்குக் கூடுதலாகும் மை அவ்வளவுதான்.